ஐந்து கடனுக்கு ஒரு வட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. ஆனால் கணக்கில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னது கிடையாது. எங்கள் மகளிர் குழுவுக்கு ஒன்பது வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். ஒரு ரூபாய் இடித்ததில்லை. அந்தத் திமிரில்தான் அன்று வீட்டுப் பத்திரத்தைத் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, சிறுவாச்சூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறார். சொந்த வண்டி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஆலத்தியூர் சிமென்ட் ஆலைக்கு நடை அடிக்கிற வேலை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. போன மழைக்குச் சுரங்கத்தில் தண்ணீர் நின்று இரண்டு மாதம் வண்டி வாசலிலேயே கிடந்தது. வண்டி நின்றால் கூலி நிற்கும், தவணை நிற்குமா? அங்கே தொடங்கியது எங்கள் சனி.

எங்களுக்கு ஐந்து கடன் இருந்தது. வண்டிக்கு வங்கியில் வாங்கியதில் பாக்கி பதினான்கு லட்சம், வருஷத்துக்குப் பத்தரை சதவீத வட்டி. அரியலூரில் என் பிறந்த வீட்டுப் பக்கத்து வங்கியில், எனக்கு வந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவைக் காட்டி, நகை வைத்து வாங்கியது நான்கு லட்சம், ஒன்பது சதவீதம். மகளிர் குழுவில் ஒரு லட்சம், பன்னிரண்டு. டயர் மாற்ற ஒரு ஃபைனான்ஸில் அறுபதாயிரம், இரண்டு ரூபாய் வட்டி. தெரிந்தவர் ஒருவரிடம் நாற்பதாயிரம், மூன்று ரூபாய் வட்டி. ரூபாய் வட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நூற்றுக்கு மாதத்துக்கு. இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு இருபத்து நாலு, மூன்று என்றால் முப்பத்தாறு. எல்லாம் சேர்த்து இருபது லட்சம்.

மாதம் ஐந்து தேதி, ஐந்து இடம். போன் அடித்தால் எந்தக் கடன்காரர் என்று பயந்து பார்ப்பேன். சோறு இறங்காது. வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன். அவர் பாவம், பேசாமல் எழுந்து வண்டிக்கு கிரீஸ் அடிக்கப் போய்விடுவார்.

அப்போதுதான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்காரர் வந்தார். வீட்டை அடமானமாகக் கொடுத்தால் எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு ஒரே கடனாக ஆக்கித் தருவார்களாம். நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய், அதாவது வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று காகிதத்திலேயே போட்டிருந்தது. பத்து வருஷத் தவணை, மாதம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்தது நாற்பத்தொன்பதாயிரம்.

வீட்டுக்காரருக்கு முதலில் மனசே இல்லை. அவருடைய அப்பா கட்டிய வீடு. மூன்று அறை, மேலே பாதி ஓடு, பாதி தளம். அது ஒன்றுதான் எந்தக் கடனிலும் மாட்டாமல் இருந்தது.

"வூட்ட வச்சுட்டு எங்க போயி நிக்கிறது?" என்றார்.

"நீங்க பேசாம இருங்க. கணக்கு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று நான் ஒரு தாளை எடுத்தேன். பத்தரை, ஒன்பது, பன்னிரண்டு, இருபத்து நாலு, முப்பத்தாறு. கூட்டினால் தொண்ணூற்று ஒன்றரை. ஐந்தால் வகுத்தால் பதினெட்டே கால் சொச்சம். "பாத்தீங்களா? இப்ப நாம சராசரியா பதினெட்டு குடுக்குறோம். அவுங்க கேக்குறது பதினஞ்சு. மூணு சதவீதம் மிச்சம். இருபது லட்சத்துக்கு வருஷத்துக்கு அறுவதாயிரம்!"

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி. உன் இஷ்டம்," என்றார். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலையாட்டினார். பழைய எதிர்ப்பே காணோம். நான் என் கணக்குக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். விண்ணப்பம் எழுதும்போது மட்டும், "இருவது வேணாம், இருவத்திரெண்டா போடச் சொல்லு. கையில கொஞ்சம் இருக்கட்டும்," என்றார். வக்கீல் பார்வைக்கும் வீட்டு மதிப்புக்கும் என்று ஒன்பதாயிரம் முன்பணம் கட்டினோம். திரும்பத் தர மாட்டார்கள் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

அன்று பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நாலு தடவையாவது உள்ளே கை விட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று ஒரு பயம். சரிதான், கணக்குப் பார்த்தாயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபீஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஆபீஸ்காரர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். "அக்கா, இருக்குற கடன் வெவரம். இத நிரப்பிடுங்க. அப்புறம் கையெழுத்துதான்." அதில் மூன்று கட்டம். பாக்கித் தொகை, வட்டி விகிதம், ஒரு வருஷத்துக்கு வட்டி எவ்வளவு.

முதல் இரண்டும் எனக்கு மனப்பாடம். மூன்றாவதை ஒவ்வொன்றாகப் போட்டேன். வண்டிக்கடனுக்கு ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம். நகைக்கடனுக்கு முப்பத்தாறாயிரம். குழுவுக்குப் பன்னிரண்டாயிரம். டயர் கடனுக்குப் பதினாலாயிரத்து நானூறு. மூன்று ரூபாய்க் கடனுக்கும் அதே பதினாலாயிரத்து நானூறு. கூட்டினேன். இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து எண்ணூறு.

எனக்குப் பகீரென்றது. பதினெட்டே கால் சொச்சம் சராசரி என்றால் இருபது லட்சத்துக்கு மூன்று லட்சத்து அறுபத்தாறாயிரம் வர வேண்டும். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் இடிக்கிறது! ஒன்பது வருஷத்தில் ஒரு ரூபாய் இடிக்காத எனக்கு. மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன். போனில் கூட்டினேன். எல்லாம் அதேதான்.

அவர் பக்கம் சாய்ந்து, "என்னாங்க, கணக்கு ஒதைக்குது. ஏதாச்சும் கடன விட்டுட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லியே," என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அதெல்லாம் உறைக்கவில்லை. இடித்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கடனின் வட்டியையும் மூன்று ரூபாய்க் கடனின் வட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பதினான்கு லட்சம் ஒரு வரி. நாற்பதாயிரம் ஒரு வரி. இரண்டும் என் தாளில் ஆளுக்கு ஒரு வரிதான். நான் ஐந்தால் வகுத்தபோது இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்திருக்கிறேன். ஆத்தாடி! சோற்றுப் பானையையும் ஊறுகாய் ஜாடியையும் ஒரே அளவாக எண்ணிக்கொண்டு, வீட்டுச் சாப்பாடு இவ்வளவு உறைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

எப்படி இந்தப் புத்தி வந்தது என்றும் அப்போதே தெரிந்தது. குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே வட்டி. அங்கே எதைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தாலும் சரியாகத்தான் வரும். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக் கடன் மேல் போட்டிருக்கிறேன். இங்கே வகுக்க வேண்டியது ஐந்தால் இல்லை, மொத்தக் கடனால். வருஷ வட்டி இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து எண்ணூறு, கடன் இருபது லட்சம். நூற்றுக்குப் பதினொன்று ரூபாய் பத்தொன்பது காசு. அதுதான் நாங்கள் உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்த வட்டி. அதை விட்டுவிட்டுப் பதினைந்துக்குப் போக, வீட்டையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். வருஷத்துக்கு அறுபதாயிரம் மிச்சமா? எழுபத்தாறாயிரம் நஷ்டம்! தவணை குறைவாகத் தெரிந்தது, பத்து வருஷத்துக்கு இழுத்ததால்.

வெட்கத்தில் காது சுட்டது. முன்னால் இருந்த இரண்டாவது ஆள் எழுந்துகொண்டிருந்தார். ஆபீஸ்காரர் எங்களைப் பார்த்து, "வாங்க சார்," என்றார். வீட்டுக்காரர் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"போடாதீங்க!" என்றேன். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "நான் கணக்க தப்பா போட்டுட்டேன். நாம பதினெட்டு கட்டல, பதினொண்ணுதான் கட்டுறோம். இது வேணாம்."

என் வாயால் தப்பு என்று சொன்னதை அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டதில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். வீடு தப்பியது என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "பரவால்ல, வுடு. வந்தது வந்துட்டோம். போட்டுருவோம்," என்றார்.

"என்னாது, பரவால்லயா? உங்கப்பா கட்டுன வூடுங்க!"

"போட்டுருவோம்னு சொல்றன்ல."

அந்தக் குரல் எனக்குப் புதிது. நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, சட்டையைப் பிடிக்காத குறையாக மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே பஸ்களின் ஹாரன் சத்தம். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "ஒன்ற லட்சம். அஞ்சு ரூவா வட்டி."

மழைக்கு வண்டி நின்றபோது இரண்டு மாதத் தவணை கட்ட வாங்கியதாம். அதே சமயம் இன்ஜினில் வேலை வந்து மீதியும் அதிலேயே போனதாம். மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, நடைக் கூலியிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நடை குறைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னது அதுதான். இருபத்திரண்டு லட்சமாகப் போடச் சொன்னதும் அதற்குத்தான். என் தப்புக் கணக்கு அவருக்கு ஒரு வழியாக இருந்திருக்கிறது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்க்காமலே, "சொன்னா நீ கத்துவே," என்றார்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் பயந்தது வட்டிக்காரருக்கு இல்லை, எனக்கு. அஞ்சு ரூபாய் வட்டியை மாதாமாதம் கட்டுவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதை விட அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. படியிலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

படிவம் என் கையிலேயே இருந்தது. கடைசி வரிக்குக் கீழே ஆறாவது வரி போட்டேன். ஒன்றரை லட்சம், அறுபது சதவீதம், வருஷ வட்டி தொண்ணூறாயிரம். இப்போது கடன் இருபத்தொன்றரை லட்சம். வட்டி மூன்று லட்சத்துப் பதிமூவாயிரத்து எண்ணூறு. வகுத்தால் பதினாலு ரூபாய் அறுபது காசு. பதினொன்றில் இருந்ததை ஒரே வரி பதினாலரைக்கு மேல் ஏற்றிவிட்டது.

ஆபீஸ்காரர் படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன். அவர் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. "நாப்பது காசுதான் அக்கா வித்தியாசம். ஆனா நெதம் ஆறு பேருக்கு பதில் சொல்ல வேணாம் பாருங்க," என்றார்.

நாற்பது காசு. எனக்கு ஒரு நிமிஷம் கை பேனாவுக்குப் போனது உண்மை. ஆறு பேர், ஆறு தேதி, அஞ்சு ரூபாய் வட்டிக்காரர் வாசலுக்கு வந்து நிற்கிற அவமானம். எல்லாம் ஒரு கையெழுத்தில் போய்விடும். அப்புறம் ஏதாவது இரண்டு தவணை தவறினால் வீடும் போய்விடும்.

நான் மறுபடி தாளைப் பார்த்தேன். எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அவர் கேட்டாரே, வரி வரியாக இருந்தது பதில். கீழே இருந்த மூன்று கடனும் சேர்த்து இரண்டரை லட்சம்தான். மொத்தக் கடனில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. வட்டியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான் தின்கிறது. இந்த இரண்டரை லட்சத்தை அணைக்கிறேன் என்று, பத்தரையில் சும்மா கிடக்கிற பதினான்கு லட்சத்தையும் ஒன்பதில் கிடக்கிற நகையையும் பதினைந்துக்குத் தூக்கிக்கொண்டு போவானேன்?

"இன்னிக்கு வேணாம் சார்," என்றேன். ஒன்பதாயிரம் போனது போனதுதான்.

மறுநாள் காலையில் அரியலூர் வங்கிக்கு இரண்டு பேருமாகப் போனோம். நகையை வைத்தபோது இருந்த பவுன் விலை வேறு, இப்போதைய விலை வேறு. அதே நகைக்கு மேற்கொண்டு தருவார்களா என்று கேட்கத்தான் போனோம். மதிப்பீட்டாளர் அன்று வரவில்லை. அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை வரை நான் தண்ணீர்கூடச் சரியாகக் குடித்ததாக நினைவில்லை. ஞாயிறு மத்தியானம் அஞ்சு ரூபாய் வட்டிக்காரர் வாசலில் பைக்கை நிறுத்தினார். எப்போதும் வீட்டுக்காரர் அவரைத் தெருவிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுவாராம். அன்று நானே போய், "உள்ள வாங்க, உக்காருங்க. இந்த வாரம் அசலே வந்துரும்," என்றேன். வருமா என்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதிப்பீட்டாளர் என் ஆரத்தை உரைத்துப் பார்த்து, எடை போட்டு, எழுதி, மேனேஜரிடம் கொடுத்தார். மேலும் இரண்டரை லட்சம் தரலாம் என்றார்கள். அதே ஒன்பது சதவீதம். மூச்சு வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அஞ்சு ரூபாய், மூன்று ரூபாய், இரண்டு ரூபாய் மூன்றையும் அடைத்தோம். ஆறு வரி மூன்றாக ஆனது. கடன் குறையவில்லை, அதே இருபத்தொன்றரை லட்சம்தான். வருஷ வட்டி மூன்று லட்சத்துப் பதிமூவாயிரத்து எண்ணூறிலிருந்து இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது. நூற்றுக்குப் பத்து ரூபாய் பன்னிரண்டு காசு. பத்திரம் பீரோவுக்குத் திரும்பியது.

மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கோ சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரே எண்ணம். இன்னும் ஏதாவது இருக்குமோ? இருந்தால் இந்தப் பத்து ரூபாய் பன்னிரண்டு காசும் பொய். கேட்கவும் பயம். நான் கேட்கிற தினுசிலேயே அவர் வாயை மூடிக்கொள்வார் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

ஒரு வாரம் பொறுத்தேன். எனக்கு அது பெரிய விஷயம். அவர் நடை முடிந்து வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன். "வேற ஏதும் இருக்குதாங்க?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வண்டியை எடுக்கும் முன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்ப்பாரே, அப்படி.

"டீசல் பங்க்ல எட்டாயிரம் நிக்குது," என்றார். "வட்டி கெடையாது. ரெண்டு மாசமா."

எட்டாயிரம்! பங்க்காரர் வீட்டுக்கு எதிரிலேயே தினமும் போகிறேன், வருகிறேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். எழுந்து போய்த் தாளை எடுத்து வந்து, நாலாவது வரியில் எட்டாயிரம் என்றும் பக்கத்தில் பூஜ்யம் என்றும் எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கத்தல?" என்று கேட்டார்.

"சாப்புடுங்க," என்றேன்.

அவர் ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் சொல்லிடறேன்," என்றார்.